தண்டு-இலை வரைபிலிருந்து இடையமும் இடையும்: ஒரே வரைபுக்கு இரண்டு விடைகள் வந்தது எப்படி?

கொட்டாஞ்சேனை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தரம் 11 கணிதத் தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டோம். அதிபர் கூட்டும் கூட்டத்திற்கு ஒவ்வொரு வகுப்பினதும் நடுப் புள்ளியான இடையத்தையும் சராசரியான இடையையும் கொண்டு போக வேண்டும். விடைத்தாள் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் புள்ளிகளை ஒவ்வொன்றாக வாசிக்க, சக ஆசிரியர் ஒருவர் தண்டு-இலை வரைபில் பதிந்துகொண்டே வந்தார். அவர் பதிந்தது இது:

```
1 | 8
2 | 7 3 9
3 | 8 1 5 4 8 5
4 | 5 0 9 2 7 2 6
5 | 6 1 8 3 4
6 | 5 2 9 5
7 | 4 8 1
8 | 6 3
9 | 2
```

4 | 5 என்பது 45 புள்ளி. மொத்தம் 32 பிள்ளைகள். வரைபில் உள்ள இலைகளையும் எண்ணிப் பார்த்தோம், 32 சரியாக இருக்கிறது. இருவரும் தனித்தனியே கணித்தபோது இடை இருவருக்கும் 51.125 என்றே வந்தது. ஆனால் இடையம் அவருக்கு 44, எனக்கு 48. நான் வரைபை வேறொரு தாளில் துப்புரவாகத் திரும்ப எழுதிய பின்னரே எண்ணினேன். அவர் முதல் தாளிலேயே எண்ணினார். ஒரே 32 புள்ளிகளிலிருந்து இடை ஒத்துப்போய், இடையம் மட்டும் நான்கு புள்ளிகள் விலகுவது எப்படி என்று விளங்கவில்லை. இன்னும் மூன்று வகுப்புகள் இருப்பதால், ஒவ்வொரு வரைபையும் திரும்ப எழுதாமல் இரண்டையும் விரைவாக எடுக்கும் வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

உயர்தர மாணவன்

டீச்சர், நான் பம்பலப்பிட்டியில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கிறேன். இடையம் எப்போதும் மிக நீளமான வரியில்தான் இருக்கும். இங்கே 4 என்ற தண்டுக்கு எதிரே ஏழு இலைகள் இருப்பதால் விடை நாற்பதுகளில் இருக்க வேண்டும் என்பது பார்த்தவுடனேயே தெரிகிறது. 44, 48 ஆகிய இரண்டும் நாற்பதுகளில் இருப்பதால் இரண்டில் எதைக் கொடுத்தாலும் பெரிய பிழை இல்லை என்று நினைக்கிறேன். இடைக்கும் இலைகளைக் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு இலையையும் 5 என்று எடுத்துக்கொண்டு, தண்டுகளை மட்டும் வைத்துக் கணித்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வெள்ளவத்தை

டீச்சர், உங்களுடைய 48 தான் சரியானது. காரணம் நான்காவது வரியில் இருக்கிறது.

இடை என்பது கூட்டலிலிருந்து வருவது. 5, 0, 9, 2, 7, 2, 6 என்ற இலைகளை எந்த ஒழுங்கில் கூட்டினாலும் 31 தான் வரும். ஆகவே வரைபு குலைந்து கிடந்தாலும் இடை மாறாது. இடையம் அப்படியல்ல, அது வரிசையில் ஓர் இடம். 32 பேரில் பதினாறாவது, பதினேழாவது பிள்ளைகளின் புள்ளிகளே நமக்கு வேண்டும். முதல் மூன்று வரிகளில் 1, 3, 6 என்று பத்துப் பேர் முடிகிறார்கள். ஆகவே நாற்பதுகளின் வரியில் ஆறாவதும் ஏழாவதும் நமக்குரியவை. உங்கள் நண்பர் தாளில் கண்டபடியே இடமிருந்து எண்ணி, ஆறாவது 2 என்றும் ஏழாவது 6 என்றும் எடுத்திருப்பார். 42, 46 ஆகியவற்றின் நடு 44. அது பிள்ளைகளின் வரிசை அல்ல, விடைத்தாள் கட்டில் தாள்கள் அடுக்கியிருந்த வரிசை. அந்த வரியை 0, 2, 2, 5, 6, 7, 9 என்று ஒழுங்குபடுத்தினால் ஆறாவது 7, ஏழாவது 9. 47, 49 ஆகியவற்றின் நடு 48.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை வருகிறது. முழு வரைபையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. நடு எந்த வரியில் விழுகிறதோ அந்த ஒரு வரியை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதும். மற்ற வரிகளில் இலைகள் எப்படிக் கிடந்தாலும் அவற்றின் எண்ணிக்கை மட்டுமே நமக்குத் தேவை. சில வேளைகளில் அந்த ஒரு வரியைக்கூட ஒழுங்குபடுத்தத் தேவை வராது. உங்கள் வரைபை மேல் புள்ளியிலிருந்து எண்ணிப் பாருங்கள்: தொண்ணூறுகளிலிருந்து ஐம்பதுகள் வரை 1, 2, 3, 4, 5, மொத்தம் பதினைந்து பேர். பதினாறாவது பிள்ளை நாற்பதுகளில் மிகக் கூடிய புள்ளி எடுத்தவர். அடுத்தவர் அதற்கு அடுத்த புள்ளி எடுத்தவர். வரியில் மிகப் பெரிய இரண்டு இலைகளைக் கண்ணாலேயே தேடினால் 9, 7. வேலை முடிந்தது.

இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணும் பழக்கம் பிழை பிடிப்பதற்கும் உதவும். கீழிருந்து பதினாறாவது 47, மேலிருந்து பதினாறாவது 49. இரண்டும் அடுத்தடுத்த புள்ளிகளாக இருக்க வேண்டும். இடையில் இன்னொரு இலை அகப்பட்டாலோ, இரண்டும் ஒரே இலையில் விழுந்தாலோ எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது.

உயர்தர மாணவனுக்கு: தம்பி, இந்த வரைபில் நீங்கள் சொன்னது பொருந்துவது தற்செயல். பத்துப் பேர் கொண்ட சிறிய வகுப்பில் நான்கு பேர் இருபதுகளிலும், மூன்று பேர் ஐம்பதுகளிலும், மூன்று பேர் எழுபதுகளிலும் இருந்தால், மிக நீளமான வரி இருபதுகள். ஆனால் ஐந்தாவது, ஆறாவது பிள்ளைகள் ஐம்பதுகளில் நிற்கிறார்கள். நீளமான வரி எங்கே கூட்டம் கூடுகிறது என்பதைச் சொல்லும். நடு எங்கே என்பதைச் சொல்லாது. 44 கொடுத்தாலும் 48 கொடுத்தாலும் ஒன்றுதான் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். நாற்பது எனத் தொடங்கும் எந்த எண்ணும் போதும் என்றால் இலைகளைப் பதிந்ததில் பொருளே இல்லை.

கொட்டாஞ்சேனை ஆசிரியை

மிக்க நன்றி சேர். கூட்டுத்தொகை ஒழுங்கைப் பொருட்படுத்தாது என்பதால் இடை ஒத்துப்போனது, இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்ததால் பதிவும் சரி என்று நம்பிவிட்டோம் என்பது இப்போது விளங்குகிறது. இடையை விரைவாக எடுப்பது பற்றியும் சொல்வீர்களா? நாங்கள் 32 எண்களையும் கணிப்பானில் ஒவ்வொன்றாக அடித்தே கூட்டினோம்.

காலி வீதிக் கணக்காளர்

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியவில்லை. புள்ளிகளை எக்செல் தாளில் ஒரு நிரலில் இட்டு, கீழே இரண்டு வரிகள் எழுதினால் போதும்.

```
=MEDIAN(B2:B33)
=AVERAGE(B2:B33)
```

வரிசைப்படுத்தல் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை, அதை அதுவே பார்த்துக்கொள்ளும். இந்தக் காலத்தில் தாளில் தண்டும் இலையும் வரைவது பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கலாம், அலுவலுக்கு உகந்ததல்ல.

கொட்டாஞ்சேனை ஆசிரியை

ஐயா, புள்ளிகள் கணினியில் ஏறிய பின் நீங்கள் சொல்வது சரி. எங்கள் நிலைமை அதற்கு முந்தியது. விடைத்தாள்கள் கட்டாக இருக்கின்றன, ஆசிரியர் அறையில் கணினி இல்லை, கூட்டம் அடுத்த பாடவேளையில் நடக்கிறது. வாசித்துப் பதியும்போதே விடையும் அருகில் வந்துவிடுகிறது என்பதால்தான் இந்த வரைபை எடுத்தோம்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வெள்ளவத்தை

இடையை எடுக்கும்போது தண்டையும் இலையையும் பிரித்துப் பாருங்கள். ஐம்பதை எடுகொண்ட இடையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் வரி 0. நாற்பதுகளின் வரியில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு பத்துக் குறைவு, முப்பதுகளில் உள்ளவர் இரண்டு பத்துக் குறைவு, அறுபதுகளில் உள்ளவர் ஒரு பத்துக் கூட. உங்கள் வரைபில் குறையும் பக்கம்: நாற்பதுகளில் 7, முப்பதுகளில் ஆறு பேருக்கு 12, இருபதுகளில் மூன்று பேருக்கு 9, பத்துகளில் ஒருவருக்கு 4, ஆக 32 பத்துகள். கூடும் பக்கம்: அறுபதுகளில் 4, எழுபதுகளில் மூன்று பேருக்கு 6, எண்பதுகளில் இருவருக்கு 6, தொண்ணூறில் ஒருவருக்கு 4, ஆக 20 பத்துகள். மிச்சம் 12 பத்துகள், அதாவது 120 புள்ளிகள் குறைவு.

இனி இலைகள். வரிக்கு வரி கூட்டினால் 8, 19, 31, 31, 22, 21, 13, 9, 2, மொத்தம் 156. 156 இலிருந்து 120 போக 36. அதை 32 பேருக்குப் பகிர்ந்தால் 1.125. ஐம்பதுடன் சேர்த்தால் 51.125. கணிப்பானைத் தொடாமலே வந்துவிட்டது. ஒற்றை இலக்கங்களை மட்டுமே கூட்டியதால் பிழை விடும் வாய்ப்பும் குறைவு. வரிக்குரிய கூட்டலை வரியின் வலப்பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தால், பிழை வந்தாலும் எந்த வரியில் வந்தது என்று தேடுவது எளிது.

மாணவன் சொன்ன குறுக்கு வழியில் பாதி உண்மை இருக்கிறது. இலைகளைக் கூட்டாமல் மதிப்பிட நினைத்தால், ஒவ்வொரு இலைக்கும் 5 அல்ல, 4.5 எடுக்க வேண்டும். ஏனெனில் இலை 0 முதல் 9 வரை போகலாம், அவற்றின் நடு 4.5. தண்டுகள் மட்டும் தருவது 50 இலிருந்து 120/32 குறைந்து 46.25, அதனுடன் 4.5 சேர்த்தால் 50.75. உண்மையான இடைக்கும் இதற்கும் வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு. இலைகளின் உண்மையான சராசரி 4.875 ஆக இருப்பதுதான் அந்தச் சிறு வித்தியாசத்துக்குக் காரணம். ஆனால் பிள்ளைகளுக்கு எல்லைப் புள்ளியைத் தொடும்படி ஒன்றிரண்டு புள்ளிகளைக் கூட்டிப் போடும் பழக்கம் உள்ள ஆசிரியரின் கட்டில் 0, 5 ஆகிய இலைகள் குவிந்துவிடும். அங்கே இந்த மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாக நிற்கும். 0, 5 ஆகிய இலைகள் வழமைக்கு மாறாகப் பல வரிகளில் தெரிந்தால் மதிப்பீட்டை விட்டுவிட்டு இலைகளைக் கூட்டிவிடுங்கள்.

உயர்தர மாணவன்

சேர், நீளமான வரி பற்றி நீங்கள் காட்டிய உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். 5 எடுத்தாலும் 51.25 தானே வருகிறது? அது உண்மையான 51.125 இற்கு உங்கள் 50.75 ஐவிட நெருக்கமாக இருக்கிறதே.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வெள்ளவத்தை

இந்தக் கட்டுக்கு நெருக்கம்தான், தம்பி. இந்த 32 பேரின் இலைகள் சற்றுப் பெரியவையாக அமைந்துவிட்டன. நான்கு வகுப்புகளுக்கும் 5 எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அரைப் புள்ளி கூடுதலாகச் சாயும். எப்படியும் இலைகள் கண் முன்னே இருக்கும்போது மதிப்பிடுவதற்குக் காரணம் இல்லை; 32 ஒற்றை இலக்கங்களைக் கூட்ட அதிக நேரம் பிடிக்காது.

தெகிவளைப் பெற்றோர்

நான் ஆசிரியர் அல்ல, ஆனாலும் ஒரு சந்தேகம். என் மகளின் புள்ளி அறிக்கையில் அவளுடைய கணிதப் புள்ளி 58 என்றும் வகுப்புச் சராசரி 61 என்றும் போட்டிருந்தார்கள். வகுப்பில் பின்பாதியில் நிற்கிறாய் என்று அவளைக் கடிந்துகொண்டேன். நீங்கள் இங்கே இரண்டு வெவ்வேறு நடுக்கள் பற்றிப் பேசுவதைப் பார்த்தால், நான் சொன்னது சரிதானா என்று கேட்கத் தோன்றுகிறது. இடையத்தைப் பாடசாலை கொடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வெள்ளவத்தை

அறிக்கையில் உள்ள சராசரியை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. டீச்சரின் வரைபையே பாருங்கள். அங்கே 49 எடுத்த பிள்ளையும் 51 எடுத்த பிள்ளையும் இடையான 51.125 ஐவிடக் குறைவாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் 51 எடுத்தவர் மேலிருந்து பதினைந்தாவது, 49 எடுத்தவர் பதினாறாவது. இருவரும் முன்பாதியில்தான் இருக்கிறார்கள். மேலே 83, 86, 92 எடுத்த மூவர் இடையை இழுத்து உயர்த்திவிட்டார்கள். 32 பேரில் 18 பேர் இடைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கலாம். உங்கள் மகள் எந்தப் பாதியில் நிற்கிறாள் என்பதற்கு வகுப்பின் இடையத்தையோ, அவளுடைய நிலையையோ வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

டீச்சர், உங்கள் கூட்டத்துக்கும் இதே விடயம் முக்கியமானது. சாதாரண தரத்தில் C இற்கு 50, S இற்கு 35 என்ற எல்லைகளை வைத்துப் பார்த்தால், உங்கள் இடை C இல் விழுகிறது, இடையம் S இல் விழுகிறது. இடையை மட்டும் வாசித்தால், வகுப்பு பொதுவாக C நிலையில் இருக்கிறது என்று அதிபர் விளங்கிக்கொள்வார். உண்மையில் 17 பேர் ஐம்பதைத் தொடவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள், இந்த 17 ஐயும் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்புக்கு வரைபு போடும்போது ஒவ்வொரு தண்டையும் இரண்டு முறை எழுதி, முதல் வரியில் 0 முதல் 4 வரையும் இரண்டாவது வரியில் 5 முதல் 9 வரையும் பதியலாம். 35, 50, 65, 75 ஆகிய நான்கு எல்லைகளும் 0 இலோ 5 இலோ தொடங்குவதால், தரங்களின் எண்ணிக்கையை வரிகளிலிருந்தே வாசித்துவிடலாம். உங்கள் கட்டில் அது A நான்கு, B ஐந்து, C ஆறு, S பதினொன்று, W ஆறு என்று வரும்.

மருதானை ஆசிரியர்

நல்ல உரையாடல். எங்கள் பகுதியில் வேறொரு வழக்கம் இருக்கிறது: பரீட்சைக்கு வராத பிள்ளைகளுக்கு 0 என்று பதியும்படி கேட்கிறார்கள். டீச்சரின் கட்டில் இருவர் வரவில்லை என்று வைத்து 0 என்ற தண்டில் இரண்டு இலைகள் போட்டுப் பார்த்தேன். 34 பேர் என்றாகிறது. இடை 51.125 இலிருந்து 48.12 இற்கு இறங்கிவிட்டது. பதினேழாவதும் பதினெட்டாவதும் 46, 47 ஆகிவிடுவதால் இடையம் 46.5. இடை மூன்று புள்ளிகள் விழும்போது இடையம் ஒன்றரைதான் விழுகிறது. இந்தக் காரணத்தால், வராதோரையும் சேர்க்கச் சொன்னால் இடையத்தையே முன்னே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

காலி வீதிக் கணக்காளர்

இங்கே எக்செல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வராதோருக்கு நிரலில் வெற்றுக் கட்டம் விட்டாலோ எழுத்தில் எழுதினாலோ மேலே நான் தந்த இரண்டு கட்டளைகளும் அவர்களைக் கணக்கில் எடுக்காது. 0 இட்டால் எடுத்துவிடும். எனவே ஒரே பட்டியலை இருவர் இரண்டு விதமாக உள்ளிட்டால், உங்கள் இரண்டு இடையங்களைப் போலவே அங்கேயும் இரண்டு விடைகள் வரும். தாளில் அதைக் கண்ணால் காணலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வெள்ளவத்தை

மருதானை ஆசிரியரின் கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. வராத பிள்ளைக்கு 0 இட்டால் அது புள்ளியே அல்ல. அதை வரைபில் சேர்ப்பதைவிட, வரைபின் கீழே "வராதோர் 2" என்று தனியே எழுதிவிட்டு, 32 பேருக்குக் கணிப்பதே நேர்மையானது. எழுதி உண்மையாகவே 0 எடுத்த பிள்ளைக்கு மட்டும் அந்தத் தண்டு உரியது.

மருதானை ஆசிரியர்

மேலிடத்தில் கேட்கும் படிவத்தில் வகுப்பின் மொத்தத் தொகை கேட்கப்படும்போது அப்படித் தனியே எழுத இடமில்லை சேர். இதை நாங்கள் தீர்மானிக்க முடியாது.

கொட்டாஞ்சேனை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. முதல் வகுப்புக்கு இரண்டையும், ஐம்பதுக்குக் கீழே உள்ள 17 பேரையும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வகுப்பின் வரைபைச் சதுரக் கோடிட்ட கொப்பியில், ஒரு கட்டத்துக்கு ஓர் இலை என்று பதிந்தோம். வரிகளின் நீளத்தைப் பார்த்தே எண்ணிக்கையை ஒப்பிட முடிந்தது. 40 எடுத்த பிள்ளையின் 0 இலை ஒன்றை முதலில் தவறவிட்டிருந்தால், இலைகளின் கூட்டல் மாறாது, எண்ணிக்கைதான் குறையும் என்பதையும் கவனித்துக்கொண்டோம்.

மூன்றாவது வகுப்பில் ஒரு புதுச் சிக்கல். 28 பேர். பத்து, இருபது, முப்பதுகளில் 14 பேர் முடிந்துவிடுகிறார்கள், அவர்களில் மிகக் கூடிய புள்ளி 37. நாற்பதுகளில் ஒருவரும் இல்லை. மற்ற 14 பேரும் 53 இலிருந்து மேலே. பதினான்காவது 37, பதினைந்தாவது 53 என்பதால் இடையம் 45 என்று வருகிறது. ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் இல்லாத இடத்தை வகுப்பின் நடு என்று எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வெள்ளவத்தை

கணிப்புச் சரி. நாற்பதுகளின் தண்டை, எதிரே இலை இல்லாவிட்டாலும், எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அதை விட்டுவிட்டால் முப்பதுகளும் ஐம்பதுகளும் ஒட்டி நின்று, வகுப்பு இரண்டாகப் பிரிந்திருப்பது மறைந்துவிடும். அந்தக் கூட்டத்துக்கு நான் 45 ஐக் கொண்டு போகமாட்டேன். கீழே உள்ள 14 பேரின் இடையத்தையும் மேலே உள்ள 14 பேரின் இடையத்தையும் தனித்தனியே கொடுப்பேன். இரண்டிலும் ஏழாவது, எட்டாவது இலைகளே வேண்டும்.

மருதானை ஆசிரியர்

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும் சேர். 45 என்று எழுதிவிட்டு, வரைபின் பிரதியொன்றை அதனுடன் இணைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

கொட்டாஞ்சேனை ஆசிரியை

வரைபை இணைக்க அதிபரிடம் அனுமதி கேட்கிறேன். கீழே உள்ள அந்த 14 பேரும் சென்ற ஆண்டு ஒரே வகுப்பிலிருந்து வந்தவர்களா என்று வரவு இடாப்பையும் பார்க்கிறேன்.